ஏழு மார்க்குல நழுவின எம்பிபிஎஸ் சீட்: முதல்ல அந்த 34 தப்பை எடுத்து வை

கேள்வி: சார், நானும் என் ஃப்ரெண்டும் எய்டட் ஸ்கூல்ல ஒண்ணா ப்ளஸ் டூ முடிச்சோம். நான் நர்சிங் சேர்ந்துட்டேன். அவ நீட்ல 498. ஃபிசிக்ஸ் 94, கெமிஸ்ட்ரி 111, பயாலஜி 293. எங்க கம்யூனிட்டிக்கு கவர்மெண்ட் எம்பிபிஎஸ் 505ல நின்னுடுச்சு. மொத்தம் 34 தப்பு, அதுல ஃபிசிக்ஸ் மட்டும் 14. அவளுக்கு இது முதல் அட்டெம்ப்ட். இனிமே எழுதவே மாட்டேன்னு ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கறா. வீட்ல பிடிஎஸ்ஸாவது சேருன்னு சொல்றாங்க. கடைசி ரவுண்டு இன்னும் பாக்கி இருக்கு. நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறா, நீங்க அவளுக்கே ஒரு லெட்டர் மாதிரி எழுதுங்க சார்.

பதில்:

உனக்கு ரெண்டே வரிதாம்மா. இதை ஃபோன்ல அனுப்பாத, நேர்ல போய் பக்கத்துல உக்காந்து படிக்க வை. அவ சாப்பாடு தூக்கம் எல்லாம் கெட்டுப்போய் இருந்தான்னா இந்த லெட்டரை அப்புறமா குடுத்துக்கலாம், முதல்ல 104க்கு போன் பண்ணி அவளை பேச வை, நீட் எழுதின பசங்களுக்கு கவுன்சிலிங் குடுக்கறதுக்குன்னு அங்க ஆள் இருக்காங்க. மிச்சமெல்லாம் அவளுக்கு.

வணக்கம்மா. நான் ரிப்பீட்டர் பசங்களுக்கு ஃபிசிக்ஸ் எடுக்கற ஆளு, அதனால ஆறுதல் சொல்றதை விட மார்க் ஷீட்டை பாக்கறதுதான் எனக்கு வரும். உன் ஃப்ரெண்ட் குடுத்த நம்பரை வச்சு நான் பாத்த வரைக்கும் நீ இன்னொரு தடவை எழுதணும்னுதான் சொல்லுவேன், ஆனா "ஏழு மார்க்தானே"ங்கற காரணத்துக்காக இல்ல. அந்த ஏழை முதல்ல மறந்துடு.

மொத்தம் 180 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. 498ஓட நீ மைனஸ்ல விட்ட 34ஐ கூட்டினா 532, அதை நாலால வகுத்தா 133. அதாவது நீ 133 கேள்வி சரியா போட்டிருக்க, 34 தப்பு, 13 விட்டிருக்க. இந்த இடத்துல உன் சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் கணக்கு போட்டு "அந்த 34ஐயும் தொடாம விட்டிருந்தா 532 வந்து சீட் கிடைச்சிருக்குமே"ன்னு கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. கணக்கு சரிதான், ஆனா அதுல இருந்து எடுக்கற பாடம் தப்பு. எது தப்பாகும்னு ஹால்ல உக்காந்து யாருக்கும் தெரியாது. கண்ண மூடிக்கிட்டு 20 கேள்விக்கு ஏதோ ஒரு ஆப்ஷன் போட்டா சராசரியா 5 சரியா வரும், 15 தப்பாகும், 20 மைனஸ் 15, கையில 5 மார்க் மிஞ்சும். நாலுல ரெண்டு ஆப்ஷனை அடிச்சிட்டு மிச்ச ரெண்டுல ஒண்ணை போட்டா ஒவ்வொரு கேள்விக்கும் சராசரியா ஒன்றரை மார்க் லாபம். அதனால "நெகட்டிவ்தான் உன்னை கவுத்துச்சு, அடுத்த தடவை டவுட் இருந்தா விட்டுடு"ன்னு சொல்றவங்க பேச்சை கேட்டு போனா அடுத்த வருஷம் 30 கேள்வி வெறுமையா விட்டுட்டு வருவ, மார்க் ஏறாது.

உனக்கு இப்ப தெரிய வேண்டியது அந்த 34 ஏன் தப்பாச்சுங்கறது. அதுக்கு தேவையான மூணும் உன்கிட்ட இருக்கு. கொஸ்டீன் புக்லெட்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருப்ப, ரஃப் ஒர்க் எல்லாம் அதுலயேதான் பண்ணியிருப்ப, அதை தூக்கி மட்டும் போட்டுடாத, இப்போதைக்கு உன் வீட்ல இருக்கறதுலயே பெரிய ஸ்டடி மெட்டீரியல் அதுதான். என்டிஏ சைட்ல வந்த உன் ஓஎம்ஆர் ஸ்கேன் காப்பி டவுன்லோட் பண்ணி வச்சிருப்பல்ல, அது. ஃபைனல் ஆன்சர் கீ. இந்த மூணையும் விரிச்சு வச்சு ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல ஒரு எழுத்து போடு. தெரிஞ்சும் தப்பு பண்ணதுக்கு "தெ", பாதி தெரிஞ்சு ரெண்டு ஆப்ஷனுக்கு நடுவுல மாட்டினதுக்கு "பா", சுத்தமா தெரியாததுக்கு "சு", நேரம் இல்லாம விட்டதுக்கு "நே". ரஃப் ஒர்க்கை பாத்தாலே எது எதுன்னு ஞாபகம் வந்துடும், நாள் ஆக ஆக மறந்துடும், அதனால இந்த வாரமே பண்ணு.

நிறைய பேர் தப்பான 34ஐ மட்டும் பாத்துட்டு நிறுத்திடுவாங்க. நீ சரியா போட்ட 133ஐயும் பாரு. அதுல எத்தனை குருட்டாம்போக்குல சரியாச்சுன்னு எண்ணு, யாருக்கும் சொல்ல வேண்டாம், உனக்கு தெரிஞ்சா போதும். நாலஞ்சுதான்னா உன் லெவல் நிஜமாவே 498தான். இருபது இருபத்தஞ்சுன்னா நீ நினைக்கறதை விட கீழதான் இருக்க, அப்ப ஏழு மார்க்குல போச்சுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, இன்னும் அதிகமா வேலை இருக்கு. ரெண்டுல எதுன்னு தெரியாம ரிப்பீட் ஆரம்பிக்கற பசங்கதான் அடுத்த வருஷமும் அதே மார்க்குல வந்து நிப்பாங்க.

ஃபிசிக்ஸை எடுத்துக்குவோம். 94 மார்க், 14 தப்பு, அப்படின்னா 27 சரி, 4 விட்டிருக்க. என்கிட்ட படிச்ச ஒரு பையனுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், அவனும் ஃபிசிக்ஸ்ல 14 தப்பு. உக்காந்து பிரிச்சோம். நாலு "தெ", ஏழு "பா", மூணுதான் "சு". அதுவரைக்கும் அவன் தனக்கு ஃபிசிக்ஸே வராது, முதல் சாப்டர்ல இருந்து திரும்ப படிக்கணும்னு நம்பிட்டு இருந்தான். சுத்தமா தெரியாதது மூணே மூணு கேள்விம்மா.

"தெ" வகை எப்படி இருக்கும்னா, ஒரு கம்பியோட விட்டம் பாதியானா ரெசிஸ்டன்ஸ் எத்தனை மடங்குன்னு கேட்டா, நீளம் அதேதான்னா நாலு மடங்கு. அதே கம்பியை இழுத்து விட்டத்தை பாதியாக்கினாங்கன்னா பருமன் மாறாது, குறுக்குவெட்டு பரப்பு கால்வாசி ஆகும்போது நீளம் நாலு மடங்காகும், அப்ப ரெசிஸ்டன்ஸ் 16 மடங்கு. அவனுக்கு ரெண்டுமே தெரியும், கேள்வியில "இழுத்து"ங்கற வார்த்தையை தாண்டி ஓடிட்டான், ஆப்ஷன்ல "4 மடங்கு"ன்னும் ஒண்ணு இருந்துச்சு, அதை போட்டுட்டான். இதுக்கு திரும்ப கரண்ட் எலக்ட்ரிசிட்டி சாப்டர் படிச்சு என்ன பிரயோஜனம். கேள்வியில நிலைமையை சொல்ற வார்த்தைக்கு அடியில கோடு போட்டுட்டு அப்புறம் கணக்கை தொடுறதுன்னு ஒரு பழக்கம் வேணும், அது டெஸ்ட் எழுதி எழுதித்தான் கைக்கு வரும்.

"பா" வகை வேற. கெபாசிட்டர்ல K மதிப்பு 2 உள்ள டைஎலக்ட்ரிக்கை நுழைச்சா எனர்ஜி என்ன ஆகும்? பேட்டரி கனெக்ட் ஆகியிருந்தா வோல்டேஜ் மாறாது, கெபாசிடன்ஸ் ரெண்டு மடங்கு, எனர்ஜியும் ரெண்டு மடங்கு. பேட்டரியை கழட்டிட்டு நுழைச்சா சார்ஜ் மாறாது, எனர்ஜி பாதியாயிடும். அவனுக்கு அரை சி வி ஸ்கொயர் ஃபார்முலா மட்டும் மனப்பாடம், எது மாறும் எது மாறாதுங்கற கேள்வியை அவன் கேட்டதே இல்ல, அதனால எப்பவும் ரெண்டு ஆப்ஷன்ல வந்து மாட்டுவான். இந்த ரகத்துக்கு மருந்து, அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் பத்து பதினஞ்சு கேள்வி தேடி ஒரே நாள்ல போடறது, மறுபடி பத்து நாள் கழிச்சு போடறது. முழு சாப்டர் வீடியோ ஆறு மணி நேரம் பாத்தா தெரிஞ்சதையே திரும்ப கேட்டு தலையாட்டிட்டு வருவ, அந்த முடிச்சு அப்படியே இருக்கும்.

இப்ப உன் கணக்குக்கு வா. ஃபிசிக்ஸ்ல தப்பான 14ல 7 சரியானா ஒவ்வொண்ணுக்கும் மைனஸ் போய் ப்ளஸ் வர்றதால 5 மார்க், மொத்தம் 35. விட்ட 4ல 2 போட்டா இன்னொரு 8. 94 போய் 137 ஆகுது. பயாலஜிலயும் கெமிஸ்ட்ரிலயும் சேர்த்து 5 தப்பு மட்டும் திருந்தினா 25. 566. ஃபிசிக்ஸ்ல பாதியும் மத்ததுல கொஞ்சமும் திருந்தினா போதும், மூணு சப்ஜெக்டையும் முதல்ல இருந்து தூக்க வேண்டியதில்ல. பயாலஜி 293 எடுத்த பொண்ணு நீ, அந்த பேஸ் இல்லாத பிள்ளைங்களைத்தான் நான் ரிப்பீட் பண்ண சொல்ல யோசிப்பேன்.

எதுக்கு 566, 505 போதுமேன்னு கேப்ப. போதாது. சீட்டுக்கு மார்க் முக்கியமில்ல, ரேங்க்தான், அந்த மார்க் எந்த ரேங்க்குன்னு வருஷா வருஷம் மாறும். 2024ல டாப் மார்க் 720, ஜெனரல்ல குவாலிஃபை ஆகவே 162 வேணும். 2025ல பேட்டர்ன் மாறி ஃபிசிக்ஸும் கஷ்டமா வந்ததும் டாப்பே 686, குவாலிஃபையிங் 144க்கு இறங்கிடுச்சு. பேப்பர் ஈஸியா வந்தா எல்லாரும் ஏறுவாங்க, உன் கம்யூனிட்டியோட கடைசி மார்க்கும் ஏறும். அதனால இந்த வருஷம் உன் கம்யூனிட்டி ரேங்க் என்ன, கடைசி சீட் எந்த ரேங்க்குக்கு போச்சுன்னு ரேங்க் லிஸ்ட்ல பாத்து எழுதி வை, உன் தூரம் அதுதான். இன்னொன்னு, 2024ல இருந்து சிலபஸ் குறைஞ்சிருக்கு, கெமிஸ்ட்ரில சாலிட் ஸ்டேட், சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி, பாலிமர்ஸ் மாதிரி பாடமெல்லாம் போயிடுச்சு, அதுக்கு பதிலா ப்ராக்டிகல் சம்பந்தப்பட்ட பகுதி உள்ள வந்திருக்கு. சீனியர் அக்கா குடுத்த பழைய மெட்டீரியலை வச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்எம்சி சிலபஸ் ஷீட்டை பக்கத்துல வச்சு தேவையில்லாததை அடிச்சிடு.

பிடிஎஸ் விஷயம். பல் மருத்துவம் உனக்கு பிடிச்சிருந்தா தாராளமா சேரு, அது தனி நல்ல படிப்பு, இதுக்கு மேல இந்த லெட்டரை படிக்கவே வேண்டாம். ஆனா "இப்போதைக்கு சேர்ந்து வைப்போம், அடுத்த வருஷம் நீட் எழுதி மாறிக்கலாம்"னு சேர்ற ஐடியா இருந்தா அதை நான் ஒத்துக்க மாட்டேன். ஃபர்ஸ்ட் இயர்ல அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரின்னு வந்து நிக்கும், அட்டெண்டன்ஸ், இன்டர்னல் எல்லாம் ஓடும், அதுக்கு நடுவுல கெபாசிட்டர் கணக்கு போட உக்கார நேரம் எங்க இருக்கு. ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் காலேஜ்ல மாட்டிக்கும், பாதியில விட்டா கட்ட வேண்டிய பணம் இருக்கும். அந்த சீட் இன்னொருத்தருக்கு கிடைச்சிருக்க வேண்டியது வேற. அப்பாகிட்ட ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கற டிஸ்கன்டினியூவேஷன் பகுதியை காட்டிட்டு பேசு, "எனக்கு பிடிக்கல"ன்னு சொல்றதை விட அது நல்லா வேலை செய்யும். வயசாகுது, ஒரு வருஷம் கேப் விழுதுன்னு அம்மா பயந்தாங்கன்னா, நீட்டுக்கு இத்தனை தடவைதான்னு கணக்கு கிடையாது, மேல் வயசு வரம்பும் 2022லயே எடுத்துட்டாங்க, எம்பிபிஎஸ் அட்மிஷன்ல கேப் விழுந்ததுக்காக யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க.

கடைசி ரவுண்டுல கலந்துக்கோ, 7 மார்க் தூரம்னா சீட் இறங்கி வர சின்ன வாய்ப்பு இருக்கு, மேல இருக்கறவங்க ஆல் இந்தியா சீட்டுக்கு போறப்ப இங்க காலியாகும். ஆனா சாய்ஸ் ஃபில்லிங்ல கவனமா இரு. அலாட் ஆனா நிஜமாவே போய் சேருவேன்னு இருக்கற காலேஜை மட்டும் போடு. பிரவுசிங் சென்டர் அண்ணன் "எல்லாத்தையும் போட்டு வைம்மா, வந்தா பாத்துக்கலாம்"னு சொல்லுவார், கேக்காத. ஆல் இந்தியா கோட்டால எம்சிசி நடத்தற ஸ்ட்ரே ரவுண்டுல அலாட் ஆகிட்டு சேராம விட்டா டெபாசிட்டும் போகும், அடுத்த ஒரு செஷன் நீட் எழுதவும் விடமாட்டாங்க. ரிப்பீட் பண்ண முடிவெடுத்த பிள்ளைக்கு இதை விட பெரிய அடி எதுவும் இல்ல. ஸ்டேட் கவுன்சிலிங்லயும் ரவுண்டு ஏற ஏற விதி இறுகும், இந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல அந்த பக்கத்தை நீயே ரெண்டு தடவை படிச்சிட்டு அப்புறம் லாக் பண்ணு. சீட் வருமா வராதான்னு அந்த ரவுண்டு முடியற வரைக்கும் புக்கை மூடி வச்சிட்டு உக்காந்திருக்காத, கவுன்சிலிங் பாத்துட்டே இருந்து ரெண்டு மாசத்தை தொலைச்ச பசங்க ஏராளம்.

கோச்சிங் பத்தி நீ கேக்கல, ஆனா வீட்ல பேச்சு வரும். இப்ப போய் ரிப்பீட்டர் பேட்ச்ல சேர்ந்தா அவங்க ஏற்கனவே பாதி பாடம் தாண்டியிருப்பாங்க, நீ நடுவுல ஏறி உனக்கு ஏற்கனவே தெரிஞ்ச சாப்டருக்கு மூணு மணி நேரம் உக்காந்து கேப்ப, உன் "பா" லிஸ்ட் அப்படியே கிடக்கும். நான் அந்த தொழில்ல இருந்துக்கிட்டே சொல்றேன், உன் மார்க்குக்கு முழு பேட்ச் தேவையில்ல. ஓஎம்ஆர் ஷீட்டோட நடத்தற டெஸ்ட் சீரிஸ் ஒண்ணும், வாரத்துல ரெண்டு தடவை டவுட் கேக்க ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியாரும் போதும். வீட்ல தனியா உக்காந்தா படிப்பு ஓடாதுன்னு உனக்கே தெரிஞ்சா மட்டும் பேட்ச்ல சேரு, அது ஒரு நியாயமான காரணம்தான்.

2023, 2024, 2025 மூணு வருஷமும் நீட் மே மாசம் முதல் ஞாயித்துக்கிழமைதான் நடந்துச்சு, அதை வச்சு திட்டம் போடு, தேதி அறிவிச்சதும் சரி பண்ணிக்கோ. டிசம்பர் முடியற வரைக்கும் காலையில தலை நல்லா ஓடற நேரத்துல ஃபிசிக்ஸ், அதுவும் லிஸ்ட்ல இருக்கற பிரிவு மட்டும். பயாலஜியை காலையில தொடாத. ரிப்பீட்டர்ஸ் எல்லாரும் சறுக்கற இடம் இதுதான், பயாலஜி படிச்சா மனசுக்கு சுகமா இருக்கும், நாள் முழுக்க என்சிஇஆர்டி ஹைலைட் பண்ணிட்டு நல்லா படிச்ச மாதிரி தூங்கப் போவாங்க, ஃபிசிக்ஸ் 94லயே நிக்கும். பயாலஜிக்கு சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம், புக்கை திருப்பி வாசிக்கறதை விட கேள்வி போட்டுட்டு தப்பான வரியை மட்டும் புக்ல தேடிப் பாரு. நீ ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமான்னு தெரியல, எதுவா இருந்தாலும் பயாலஜி கேள்வியோட வாசகம் என்சிஇஆர்டி வரியை ஒட்டித்தான் வரும், அதனால அந்த தேடல் அந்த புக்லயே இருக்கட்டும். தமிழ்ல எழுதறதா இருந்தா ஒரு விஷயம், மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ் வெர்ஷன்தான் ஃபைனல், பக்கத்துலயே அச்சாகியிருக்கும், முக்கியமான டெர்ம்ஸை ரெண்டு மொழிலயும் பழகிக்கோ.

வாரத்துக்கு ஒரு முழு டெஸ்ட், மத்தியானம் ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும், பரீட்சை நேரமே அதுதான். சாப்பிட்டதும் கண்ணை சுத்தற நேரத்துல மூளையை ஓட வைக்க பழகணும். கறுப்பு பால்பாயிண்ட் பேனா, அச்சடிச்ச ஓஎம்ஆர். ஃபோன்ல க்ளிக் பண்ணி எழுதற டெஸ்ட்ல 180 வட்டத்தை நிரப்பற நேரம் கணக்குல வராது, ஹால்ல அது வந்து கழுத்தை பிடிக்கும். பயாலஜி 50 நிமிஷம், கெமிஸ்ட்ரி 50, ஃபிசிக்ஸ் 70, மிச்சம் 10 நிமிஷம் சரிபார்க்க, இதை வச்சு ஆரம்பிச்சு உனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் மறுநாள் அதே தெ, பா, சு, நே.

அக்டோபர், நவம்பர்ல மார்க் சட்டுன்னு 550க்கு போகும், பாத்த பாடம்ங்கறதால. அதை நம்பாத. ஜனவரி கடைசில நாலு டெஸ்ட்டை சேர்த்து ஃபிசிக்ஸ் மட்டும் பாரு. "பா" எண்ணிக்கை பாதியா குறைஞ்சிருந்தா சரியான பாதையில இருக்க, மொத்த மார்க் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கவலைப்படாத. "பா" குறையாம மொத்தம் மட்டும் ஏறியிருந்தா பயாலஜி தூக்கி நிறுத்துதுன்னு அர்த்தம், ஃபிசிக்ஸ் கஷ்டமா வர்ற வருஷம் அது தாங்காது, பிப்ரவரி முழுக்க ஃபிசிக்ஸுக்கு குடு. அந்த மாசம்தான் அப்ளிகேஷனும் வழக்கமா திறப்பாங்க, கம்யூனிட்டி சர்டிஃபிகேட் எல்லாம் இப்பவே எடுத்து வச்சுக்கோ.

ஒரு தடவைக்குத்தான் நான் இவ்வளவு உறுதியா சொல்றேன். இதுக்கு அப்புறம் மூணாவது தடவை எழுதலாமான்னு கேட்டா அப்ப உன் புக்லெட்டை பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவேன். இந்த வாரம் 34ஐ பிரிச்சிட்டு, 133ல குருட்டாம்போக்கு எத்தனைன்னு எண்ணிட்டு, அந்த ரெண்டு கணக்கையும் உன் ஃப்ரெண்ட் மூலமா எனக்கு எழுதி அனுப்பு. "பா" லிஸ்ட்ல ஃபிசிக்ஸ் கேள்வி நம்பர் தனியா இருக்கட்டும், எந்த வரிசையில எடுக்கணும்னு பாத்து எழுதறேன்.